புள்ளியா, தூசியா?

பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கணினி சரியாக வாசித்திருக்கிறதா என்று பார்க்க நான் முதலில் தேடுவது ஒரே ஒரு சேர்க்கையைத்தான்: காலுக்கு மேல் புள்ளி, அதாவது ‘ா்’. தமிழில் இப்படி ஓர் எழுத்து கிடையாது. ‘ர்’ என்ற எழுத்தில் ‘ர’வின் அடிக்கோடு தேய்ந்தோ உடைந்தோ போனால், எஞ்சுவது வெறும் காலும் அதன் தலையில் ஒரு புள்ளியும்தான். படத்தைப் பார்த்து எழுத்தை வாசிக்கும் மென்பொருளான எழுத்துணரி கண்டதை எழுதிவிடுகிறது: ‘அவா்கள்’, ‘வந்தாா்கள்’. (சில செய்தித் தளங்களில் தட்டச்சுப் பழக்கத்தாலேயே இது மலிந்து கிடக்கிறது; அது வேறு வழக்கு.) ஒரு பக்கத்தில் எத்தனை ‘ா்’ என்று எண்ணினால், அந்த ஸ்கேன் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். எழுத்துணரி தந்த கோப்பின் பெயர் veli.txt என்றால் எண்ணும் கட்டளை:

```
grep -o 'ா்' veli.txt | wc -l
```

இரண்டாவதாகத் தேடுவது புள்ளியை இழந்த இரட்டை மெய்களை. ‘டட’, ‘றற’ என்று அடுத்தடுத்து வருவது நல்ல தமிழில் மிக அரிது. ‘விடட்டும்’, ‘பெறற்கரிய’ போன்ற ஒரு சில சொற்களே விலக்கு. இவை நிறைய அகப்பட்டால் பக்கத்தில் புள்ளிகள் காணாமல் போயிருக்கின்றன என்று பொருள்.

ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பெரும்பாலான ஸ்கேன் அறிவுரைகள் தமிழுக்குப் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். அங்கே ‘i’, ‘j’ இரண்டுக்கும்தான் தலையில் புள்ளி. ஒன்றிரண்டு போனாலும் எழுத்தின் உருவம் காட்டிக்கொடுத்துவிடும். ‘அவர்கள் வந்தார்கள்’ என்ற இரண்டு சொற்களில் எழுத்துகள் பதினொன்று. அவற்றில் ஐந்து புள்ளி எழுத்துகள். புள்ளி போனால் ‘கல்’ ‘கல’ ஆகிறது, ‘பால்’ ‘பால’ ஆகிறது. படத்தைச் சுத்தம் செய்யும் மென்பொருளுக்கோ சிறிய கறுப்புப் பொட்டு என்றாலே தூசிதான். அதனால் தமிழ்ப் பக்கத்தைத் தயார் செய்வது என்பது, புள்ளியை விட்டுவிட்டுத் தூசியை மட்டும் எடுப்பது எப்படி என்ற ஒரே கேள்வியாகச் சுருங்குகிறது.

என் கையில் இருப்பது 1930களில் அச்சான ஒரு சித்த மருத்துவ நூல். ஈய எழுத்துக் கோத்து, மலிவான காகிதத்தில் அடித்தது. இன்று அந்தக் காகிதம் பழுப்பேறி, விரலில் ஒட்டினால் உதிர்கிறது. நான் எடுத்துக்கொள்ளும் பக்கத்தில் திரிகடுகு சூரணம் வருகிறது: சுக்கு, மிளகு, திப்பிலி, அளவுகள், காலை மாலை இருவேளை தேனில் கொள்ளச் சொல்லும் குறிப்பு. சோதனைக்கு இதைவிட நல்ல பக்கம் அமையாது. ‘சுக்கு’, ‘திப்பிலி’ இரண்டும் புள்ளியை நம்பி நிற்கின்றன. ‘சூரணம்’ ‘ர’வை நம்பி நிற்கிறது. ‘காலை, மாலை, இருவேளை’ மூன்றிலும் எழுத்தோடு யானைத் துதிக்கை போல ஒட்டி வளையும் பழைய ஐகாரம்.

இதைச் சாதாரண அலுவலக ஸ்கேன் போல 150 டிபிஐயில் எடுத்து அப்படியே எழுத்துணரியிடம் கொடுத்தால் ‘சுககு’, ‘திபபிலி’, ‘சூாணம’ என்று வருகிறது. ‘சூாணம’ என்பதில் ஓர் உயிர்மெய்க்குப் பின்னால் இன்னொரு கால் தொங்குவதைப் பாருங்கள். அதுவும் தமிழில் இல்லாத சேர்க்கைதான், தேடிப் பிடிப்பது எளிது.

முதலில் அளவைப் பார்ப்போம். இந்தப் பக்கத்தில் ‘க’ ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரம், புள்ளி 0.4 மில்லிமீட்டர் அகலம். 150 டிபிஐ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 6 பிக்சல். அந்தக் கணக்கில் புள்ளி இரண்டு பிக்சலுக்குச் சற்று மேல். பரப்பளவு நான்கைந்து பிக்சல். ஸ்கேனரின் மின்னணு இரைச்சலும் ஏறக்குறைய அதை நெருங்கிவிடும். எந்த மென்பொருளாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது, மனிதக் கண்ணுக்கே திண்டாட்டம். 400 டிபிஐயில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 16 பிக்சல். புள்ளி ஆறு பிக்சல் அகலமும் முப்பதை நெருங்கும் பரப்பளவும் கொண்டதாகிவிடுகிறது. ஸ்கேனரின் மின்னணு இரைச்சலோ ஓரிரு பிக்சலிலேயே நின்றுவிடுகிறது. இப்போது பத்துப் பிக்சலுக்குக் கீழே உள்ளதை நீக்கு என்று துணிந்து சொல்லலாம். டிபிஐயைக் கூட்டுவதன் பயன் எழுத்து அழகாகத் தெரிவதில் இல்லை. புள்ளிக்கும் இரைச்சலுக்கும் நடுவே இடைவெளி பிறக்கிறது, அதுதான் பயன். சின்ன எழுத்தில் அடித்த உரைநூலுக்கும் அடிக்குறிப்புக்கும் 600 கூட வைக்கலாம். பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகத்துக்கு 300 போதும். டெசராக்ட் போன்ற எழுத்துணரிக்கு எழுத்தின் உயரம் முப்பது பிக்சல் அளவில் இருந்தால் வசதி. நம் 2 மில்லிமீட்டர் ‘க’ 400 டிபிஐயில் அதையே தொடுகிறது.

சிறிய ஸ்கேனைப் பிறகு கணினியில் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்றால், வரி பிரிப்பதற்கு அது கொஞ்சம் உதவும். தொலைந்த புள்ளி அதனால் திரும்பாது.

ஸ்கேனர் அமைப்பில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். வண்ணத்தில் எடுக்க வேண்டும். டிஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும், ஏனென்றால் ஜேபெக் அழுத்தம் எழுத்தின் ஓரத்தில் சாம்பல் நிறச் சிதறலை உண்டாக்கும். ஸ்கேனர் தானாகச் செய்யும் ‘எழுத்தைத் தெளிவாக்கு’ வகை வேலைகளை எல்லாம் அணைத்துவிட வேண்டும். கைபேசிச் செயலிகள் பக்கத்தைப் பளிச்சென்று வெளுத்துக் காட்டும்போது முதலில் பலியாவது ‘ர’வின் அடிக்கோடுதான்.

ஸ்கேன் செய்யும் பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைப்பது எந்த மென்பொருளும் செய்ய முடியாத உதவி. மெல்லிய காகிதத்தில் மறுபக்க அச்சு நிழலாகத் தெரிகிறது. விளக்கொளி காகிதத்தை ஊடுருவி, பின்னால் உள்ள வெள்ளை மூடியில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்த நிழல் இவ்வளவு எடுப்பாக இருக்கிறது. பின்னால் கறுப்பு இருந்தால் திரும்ப ஒளி கிடையாது. பக்கம் முழுக்கச் சற்று மங்கும், நிழலோ பாதிக்கு மேல் அடங்கிவிடும். மங்கலைப் பிறகு சரிசெய்யலாம். நிழலை அவ்வளவு எளிதில் எடுக்க முடியாது, ஏனென்றால் அதுவும் எழுத்து வடிவத்திலேயே இருக்கிறது.

புத்தகத்தின் நடுமடிப்புப் பக்கம் வளைவதற்குத் தையலைப் பிரிப்பதுதான் நேரான தீர்வு. எங்கள் ஊர் பைண்டர் புத்தகத்தை ஒரு முறை புரட்டிவிட்டு, “பிரிக்கலாம் தம்பி, திரும்பத் தைக்க முடியாது. ஊசி போகிற இடமெல்லாம் காகிதம் கிழியும்” என்று சொல்லிவிட்டார். ஆகவே பிரிக்கவில்லை. விளிம்பு வரை கண்ணாடி உள்ள ஸ்கேனரில், புத்தகத்தைச் செங்கோணமாக மட்டும் திறந்து, ஒவ்வொரு பக்கமாக எடுத்தேன். மீந்த வளைவை ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் நேராக்கலாம். ஆனால் மடிப்பை ஒட்டிய எழுத்துகள் குறுகிப் போயிருந்தால் அதற்கும் எல்லை உண்டு.

புத்தகம் கையில் இல்லை, இணையத்தில் கிடைத்த பிடிஎஃப்தான் என்றால், திரையில் பார்த்துப் படம் பிடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மூலப் படத்தை அப்படியே உருவி எடுங்கள்:

```
pdfimages -list nool.pdf
pdfimages -all nool.pdf pakkam
```

முதல் கட்டளை ஒவ்வொரு படமும் எத்தனை டிபிஐ என்று சொல்லும். அங்கே 100, 120 என்று கண்டால் மேற்கொண்டு பாடுபடுவதில் பயனில்லை, வேறு பிரதி தேடுவது மேல். இன்டர்நெட் ஆர்க்கைவில் உள்ள நூல் என்றால் பிடிஎஃப் பக்கமே போக வேண்டாம். அங்குள்ள பிடிஎஃப்களில் எழுத்தும் பின்னணியும் தனித்தனி அடுக்காகப் பிரிக்கப்பட்டு இறுக்கப்பட்டிருப்பதுண்டு. அதே பக்கத்திலேயே பெரும்பாலும் ஜேபி2 படங்கள் அடங்கிய ஜிப் கோப்பும் கிடைக்கும். அதை இறக்கிக்கொள்ளுங்கள்.

இனிச் சுத்தம் செய்யலாம். கறுப்புத் தாள் வைத்து எடுத்ததால் பக்கத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரம் இருக்கும். அதை முதலில் வெட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் அடுத்து வரும் ஒவ்வொரு கணக்கையும் அது கெடுக்கும்.

பழுப்பேறிய காகிதத்துக்கு எளிமையான ஒரு மருந்து இருக்கிறது: சிவப்பு அடுக்கு. பழுப்பும் மஞ்சளும் கலந்த கறை, வண்ணப் படத்தின் நீல அடுக்கில் கருமையாகத் தெரியும், சிவப்பு அடுக்கில் வெளிறிப் போகும். அச்சு மையோ எல்லா அடுக்கிலும் கறுப்பு. ஆகவே சாதாரணமாகச் சாம்பல் நிறமாக்காமல், சிவப்பு அடுக்கை மட்டும் பிரித்தெடுத்தால் பாதிக் கறை தானாகவே விலகிவிடுகிறது. வண்ணத்தில் ஸ்கேன் செய்யச் சொன்னது இதற்காகத்தான். இமேஜ்மேஜிக் மென்பொருளில் அதற்கான கட்டளை:

```
magick pakkam.tif -channel R -separate +channel sivappu.png
```

அடுத்தது ஒளியின் ஏற்றத்தாழ்வு. மடிப்புப் பக்கம் இருட்டு, வெளி ஓரம் வெளிச்சம். படத்தின் மிக மங்கலான நகல் ஒன்றை உண்டாக்கி, மூலத்தை அதனால் வகுத்தால் பின்னணி எங்கும் ஒரே அளவில் வெளுக்கிறது:

```
magick sivappu.png \( +clone -blur 0x40 \) -compose Divide_Src -composite samam.png
```

40 என்ற மங்கல் அளவு எழுத்தின் கோட்டுத் தடிப்பைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். 5, 6 என்று வைத்தால் எழுத்தையே பின்னணி என்று எடுத்துக்கொண்டு தடித்த தலைப்புகளின் உள்ளே வெள்ளை விழும்.

இப்போது மறுபக்க நிழல் மட்டும் மிச்சம். இங்கே கண்ணால் பார்த்து ஊகிக்க மாட்டேன். கிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, நிறமெடுக்கும் கருவியால் இரண்டு இடங்களைத் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று, நிழல் எழுத்தின் நடு. மற்றொன்று, பக்கத்திலேயே மிக மெலிந்த ‘ர’வின் அடிக்கோடு. வெள்ளை 255, கறுப்பு 0 என்ற கணக்கில் இந்தப் பக்கத்தில் நிழல் 210ஐ ஒட்டியும் அடிக்கோடு 110ஐ ஒட்டியும் இருக்கின்றன. சதவீதத்தில் 82, 43. இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கிறது. 75 சதவீதத்துக்கு மேல் எல்லாம் வெள்ளை, 30க்குக் கீழே எல்லாம் கறுப்பு என்று வைத்தால் நிழல் முற்றிலும் மறைகிறது, அடிக்கோடு முன்பைவிடக் கருமையாகிறது. இரண்டு எண்களும் நெருங்கி, நிழல் 170, அடிக்கோடு 150 என்று வந்தால் இந்த வழி பலிக்காது. அப்போது கறுப்புத் தாளோடு மறுபடி ஸ்கேன் செய்யத்தான் வேண்டும்.

```
magick samam.png -level 30%,75% -background white -deskew 40% +repage -bordercolor white -border 20 thayar.png
```

இதே கட்டளையில் சாய்வையும் நிமிர்த்திவிட்டேன். ஒரு பாகை சாய்வு என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். எழுத்துப் பரப்பு 9 சென்டிமீட்டர் அகலம் என்றால், 400 டிபிஐயில் வரி இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போவதற்குள் ஏறத்தாழ 25 பிக்சல் ஏறியோ இறங்கியோ விடும். ‘க’வின் உயரமே 31 பிக்சல்தான். பழைய அச்சில் வரிகளுக்கு நடுவே இடமும் குறைவு. மேல் வரியின் ‘கு’, ‘மு’ வால்கள் கீழ் வரியின் புள்ளியை உரசிக்கொண்டு நிற்கும். பக்கம் சாய்ந்திருந்தால், வரிகளைப் பிரிக்கும்போது புள்ளி மேல் வரிக்குப் போய்விடுகிறது. அங்கே அது ஓர் அனாதைப் பொட்டு, கீழே உள்ள எழுத்துக்குப் புள்ளி இல்லை. ஒரு பிழை இரண்டாகிறது. நிமிர்த்துவதை ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு தடவை சுழற்றும்போதும் பிக்சல்கள் கலந்து கோடுகள் மங்குகின்றன.

பலரும் இதற்கு மேல் ஒரு படி போய், படத்தை முழுக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுகிறார்கள். ஸ்கேன் டெய்லரும் இயல்பாக அப்படித்தான் தரும். டெசராக்டின் நான்காம் பதிப்பு முதல் இது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து. பக்கத்தை வரிகளாகப் பிரிப்பதற்கு அது தானே ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதி உண்டாக்கிக்கொள்கிறது. எழுத்தை வாசிக்கும்போது நாம் கொடுத்த சாம்பல் படத்தையே பார்க்கிறது. தேய்ந்த அடிக்கோடு சாம்பலில் மெல்லிய தடமாகவாவது இருக்கும். கறுப்பு வெள்ளையில் அது உண்டு அல்லது இல்லை, இரண்டில் ஒன்றுதான். ஸ்கேன் டெய்லரைப் பயன்படுத்தினால் வெளியீட்டைச் சாம்பலில் வையுங்கள். கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்றால் பொட்டு நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அல்லது இருப்பதில் மிக எச்சரிக்கையான நிலையில் வையுங்கள். எதை நீக்கப் போகிறது என்பதை அது நிறமிட்டுக் காட்டும். அந்த நிறம் எழுத்துகளின் தலைக்கு மேல் வரிசையாகத் தெரிந்தால் அது துடைப்பது தூசியை அல்ல.

கோடுகளைத் தடிப்பாக்கலாமா, மெலிதாக்கலாமா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. ‘ர’வின் அடியைப் பாருங்கள், பிறகு ‘ண’வின் சுழிகளைப் பாருங்கள். அடிக்கோடு அறுந்து, சுழிகள் நன்றாகத் திறந்திருந்தால் மை குறைந்த பக்கம். மிக லேசான மங்கல், `-blur 0x0.7` அளவில், அறுந்த முனைகளை இணைக்கும். சுழிகளில் மை அடைத்து ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோல் தெரிந்தால் மை மிகுந்த பக்கம், அதில் தடிப்பாக்கும் எந்த வேலையும் கூடாது. ஒரே புத்தகத்தில் இரண்டு வகையும் வரும். அதனால் முந்நூறு பக்கத்துக்கும் ஒரே கட்டளையை ஓட்டிவிட்டுப் படுக்கப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமைதான், நம்பிக்கை இல்லை. குறைந்தது இரண்டு குவியலாகவாவது பிரியுங்கள்.

```
tesseract thayar.png veli -l tam --psm 6 --dpi 400
```

`--psm 6` என்பது பக்கம் முழுவதும் ஒரே பத்தித் தொகுதி என்று எழுத்துணரிக்குச் சொல்கிறது. அச்சுக்கோப்பாளர்கள் வரியை இருபுறமும் நேராக்கச் சொற்களுக்கு நடுவே தாராளமாக வெற்றுக்கட்டை வைத்திருப்பார்கள். அந்த இடைவெளிகள் அடுத்தடுத்த வரிகளில் ஒன்றின் கீழ் ஒன்றாக விழுந்தால், இரண்டு பத்திகள் என்று நினைத்துக்கொண்டு எழுத்துணரி பக்கத்தை நடுவில் பிளந்து வாசித்துவிடும். உண்மையிலேயே இரண்டு பத்தி உள்ள பக்கம் என்றால் படத்தையே இரண்டாக வெட்டித் தருவது நல்லது.

இப்போது அந்தப் பக்கத்தில் ‘சுக்கு’, ‘திப்பிலி’, ‘சூரணம்’ மூன்றும் சரியாக வந்துவிட்டன. ‘ா்’ இரண்டொரு இடத்தில்தான் மிச்சம். அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காகிதத்திலேயே அடிக்கோடு இல்லை. ஈய எழுத்தே உடைந்திருக்கிறது. எந்தப் பட வேலையும் அதை மீட்காது. ‘ா்’ வந்த இடமெல்லாம் ‘ர்’ என்று மாற்றிவிட்டுப் போகலாம், அதில் பெரும்பாலும் ஆபத்து இல்லை. ‘ர’வுக்கும் ‘ா’வுக்கும் பொதுவாக அப்படிச் செய்ய முடியாது. ‘மரம்’ ‘மாம்’ ஆனால் கண்டுபிடித்துவிடலாம். ‘கரை’ ‘காை’ ஆனாலும் கண்டுபிடித்துவிடலாம். ‘பரடு’ ‘பாடு’ ஆனால் அகராதிக்கும் சந்தேகம் வராது.

‘காலை மாலை இருவேளை’ மட்டும் படத்தை எவ்வளவு துலக்கினாலும் தேறவில்லை. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ‘ணை, லை, ளை, னை’ நான்கும் துதிக்கையோடும், ‘ணா, றா, னா’ மூன்றும் கீழே வளைந்த கொக்கியோடும் அச்சாகிவந்தன. இன்றைய எழுத்துருக்களில் பழகிய எழுத்துணரி அவற்றைக் கண்டதே இல்லை. பக்கம் கண்ணாடி போல இருந்தாலும் ‘லை’யை வேறு ஏதோ ஓர் எழுத்தாகத்தான் எழுதும். நான் முதலில் செய்வது, இந்த ஏழு வடிவங்களும் அந்தப் புத்தகத்தில் எப்படித் தவறாக வருகின்றன என்று ஒரு பட்டியல் எடுப்பதுதான். ஒரே அச்சகத்தின் ஒரே எழுத்து வார்ப்பு என்பதால் பிழையும் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். சொல்லோடு சேர்த்துத் தேடி மாற்றினால் கணிசமான இடங்கள் சரியாகிவிடும். புத்தகம் பெரியது, அதே அச்சகத்து நூல்கள் இன்னும் இருக்கின்றன என்றால் டெசராக்டுக்குப் பயிற்சி கொடுப்பது பொருந்தும். அதற்கு வரி வரியாக வெட்டிய படங்களும், ஒவ்வொன்றுக்கும் கையால் தட்டச்சு செய்த `.gt.txt` கோப்பும் வேண்டும். பயிற்சிக்குக் கொடுக்கும் வரிகளையும் மேலே சொன்ன அதே முறையில்தான் தயார் செய்ய வேண்டும். சிவப்பு அடுக்கில் சுத்தம் செய்த வரிகளில் பயிற்றுவித்துவிட்டு, கறை படிந்த மூலத்தை வாசிக்கக் கொடுத்தால் பழைய நிலைக்கே திரும்பும்.

பக்க எண்களை மட்டும் தனியாக விட்டுவிட்டேன். இந்தப் புத்தகத்தில் அவை தமிழ் எண்களில் இருக்கின்றன. ‘௧’ ‘க’வாகவும் ‘௨’ ‘உ’வாகவும் ‘௭’ ‘எ’வாகவும் வருகின்றன. பக்க எண்ணைப் படத்திலேயே வெட்டி எறிந்துவிட்டு, கோப்பின் பெயரில் எண் போட்டுக்கொள்வது நேரம் மிச்சம். மருந்து அளவுகளுக்கு நடுவே வரும் தமிழ் எண்களை அப்படி விட முடியாது. அந்த வரிகளை மூலப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையாலேயே தட்டச்சு செய்கிறேன்.